தாமதமாய் வந்த மணியோசை

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். வழி சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்று, அவர் படுத்திருந்த தரைத்தள அறையில் நின்றபடியே என் போனிலிருந்து ஓட்டுநருக்கு லொக்கேஷன் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். "சார், நீங்க போட்ட இடத்துக்கு வந்துட்டேன். இங்க வெறும் காம்பவுண்டு சுவருதான் இருக்கு, கேட்டே இல்லையே!"

அவர் நின்றது எங்கள் குடியிருப்புக்கு மேற்கே உள்ள பின்தெருவில். எங்கள் வாசல் கிழக்கே, முன்தெருவில். இரண்டுக்கும் நடுவில் நேர்வழி கிடையாது; சுற்றித்தான் வர வேண்டும். வந்தார், பெரியவரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் என்னை விடவில்லை. நீலப்புள்ளி ஏறத்தாழ 25 மீட்டர்தான் தள்ளி விழுந்திருந்தது. அதுவும் மேற்குப் பக்கமாக, ஏன்? தேடிப் படித்தபோதுதான், ஜி.பி.எஸ். எப்படி இடம் கண்டுபிடிக்கிறது என்பதற்கே அந்தப் பிழையில் விடை இருப்பது புரிந்தது.

மேலே யாரும் நம்மைப் பார்ப்பதில்லை

செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைப் பார்த்து, "நீ இங்கே இருக்கிறாய்" என்று சொல்வதாகப் பலரும் நினைக்கிறோம். நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. நம் போனும் அதற்கு எதையும் அனுப்புவதில்லை. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பில் சுமார் முப்பது செயற்கைக்கோள்கள் வேலையில் இருக்கின்றன. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் இரண்டே செய்திகளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது: இப்போது மணி என்ன, நான் இப்போது எங்கே இருக்கிறேன். வானொலி நிலையம் போல அது பேசுகிறது. கேட்பதும் கணக்குப் போடுவதும் முழுக்க நம் போனின் வேலை.

ரேடியோ அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர் தலைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அலை நம்மை வந்தடைய நொடியின் ஆயிரத்தில் 67 பங்கு ஆகும். அலை எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்து, இடி விழுந்த தூரத்தைச் சொல்கிறோமே, அதே கணக்குதான்.

ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் படிகம். நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே, தூரத்தில் 300 மீட்டர் பிசகும். போனின் கடிகாரமோ அதைவிடப் பன்மடங்கு தவறக்கூடியது. தவறான கடிகாரத்தை வைத்துக்கொண்டு சரியான தூரத்தை எப்படி அளப்பது?

இரண்டு கோயில், ஒரு சாலை

நேரான ஒரு சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் 3,400 மீட்டர். மேற்கு முனையில் ஒரு கோயில், கிழக்கு முனையில் ஒரு கோயில். இரண்டிலும் சரியாக ஆறு மணிக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மணியோசை போய்ச் சேரப் பத்து நொடி ஆகும். நடுவில் எங்கோ நீங்கள் நிற்கிறீர்கள். கையில் இருப்பது நம்ப முடியாத கடிகாரம்.

அந்தக் கடிகாரப்படி மேற்குக் கோயில் மணி ஆறு அடித்து 9 நொடியில் கேட்கிறது, கிழக்குக் கோயில் மணி 7 நொடியில் கேட்கிறது. கூட்டினால் 16. ஆனால் நீங்கள் சாலையில் எங்கே நின்றாலும் இரண்டும் சேர்ந்து பத்து நொடிதான் வர வேண்டும். ஆறு நொடி அதிகம். இரண்டு ஓசையையும் கேட்டது ஒரே கடிகாரம். எனவே பிழை இரண்டிலும் சமமாகத்தான் இருக்கும், ஆளுக்கு மூன்று நொடி. அதாவது உங்கள் கடிகாரம் மூன்று நொடி முந்தி ஓடுகிறது. கழித்துவிட்டால், மேற்கிலிருந்து 6 நொடி, கிழக்கிலிருந்து 4 நொடி. மேற்குக் கோயிலிலிருந்து 2,040 மீட்டரில் நிற்கிறீர்கள்.

ஒரே கணக்கில் இடமும் தெரிந்தது, கடிகாரமும் சரியானது. ஜி.பி.எஸ்ஸின் உயிர்நாடி இதுதான். சாலையில் இடத்தைச் சொல்ல ஓர் எண் போதும். கடிகாரப் பிழைக்கு இன்னொன்று. ஆகவே இரண்டு மணிகள் போதுமாக இருந்தன. உலகத்தில் ஓர் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, உயரம். கடிகாரப் பிழையையும் சேர்த்தால் நான்கு. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்கிறார்கள்.

இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல்

இந்த மணியோசை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால்தான் வீட்டுக்குள் நடப்பது புரியும். செயற்கைக்கோள் சில பத்து வாட் சக்தியில் ஒலிபரப்புகிறது, அதாவது ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. அது பூமியின் ஒரு பக்கம் முழுவதும் பரவி வருகிறது. நம் போனுக்கு வந்து சேர்வது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. வெப்பத்தால் எந்த மின்சுற்றிலும் தானாக எழும் இரைச்சல், இந்த அலையைவிடச் சுமார் ஐம்பது மடங்கு வலுவானது. மொட்டை மாடியில் நின்று கேட்டாலும் குரல் இரைச்சலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

அதை மீட்டெடுக்கும் வழி அழகானது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துணுக்குகள் கொண்ட ஒரு வரிசை தனியாக உண்டு. ஒவ்வொரு துணுக்கும் கூட்டல் அல்லது கழித்தல். ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை முழு வரிசையும் திரும்பத் திரும்ப வரும். எந்தச் செயற்கைக்கோளுக்கு எந்த வரிசை என்பது போனுக்கு முன்பே மனப்பாடம். போன் தன்னிடம் உள்ள வரிசையை வந்த அலையின் மேல் வைத்துப் பெருக்கி, கூட்டிப் பார்க்கிறது. பொருந்தவில்லையா, சற்று நகர்த்தி மறுபடியும் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் 1,023 துணுக்குகளும் ஒரே பக்கம் சேர்ந்து பெரிய கூட்டுத்தொகையாகும். இரைச்சலுக்கோ ஒழுங்கு கிடையாது. காசை ஆயிரம் முறை சுண்டினால் பூவும் தலையும் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, முப்பது சொச்சம்தான் மிஞ்சுவதுபோல, அது தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. குரல் மேலே வருகிறது.

எவ்வளவு நகர்த்தியபோது பொருந்தியது என்பதுதான் அலை வந்த நேரம். ஒரு துணுக்கின் நீளம் தூரக் கணக்கில் சுமார் 300 மீட்டர். அதன் நூறில் ஒரு பங்குவரை போனால் கணிக்க முடியும். திறந்த வெளியில் நீலப்புள்ளி சில மீட்டர் துல்லியத்தில் விழுவது இப்படித்தான்.

தளத்துக்கு அடியில்

இப்போது வீட்டுக்குள் வருவோம். இந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். கீற்றுக் கொட்டகையும் ஓட்டு வீடும் இதற்குப் பெரிய தடையல்ல. காய்ந்திருந்தால் ஓரளவு எளிதாகவே உள்ளே வந்துவிடும். தகர ஷீட் போட்ட கொட்டகை நேர்மாறு: உலோகம் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் தளம் இரண்டு வேலையும் செய்கிறது. கலவையில் தங்கியிருக்கும் ஈரம் அலையைக் குடிக்கிறது. தளம் ஊற்றுமுன் கட்டும் கம்பி வலையின் கட்டங்கள் ஏறத்தாழ இந்த அலைநீளத்தின் அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருப்பதால், அதுவும் ஒரு பங்கைத் தடுத்துச் சிதறடிக்கிறது. ஒரு தளத்தைக் கடந்தாலே அலை பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ குறைந்துவிடலாம். இரண்டு மூன்று மாடிக்குக் கீழே என்றால், மேலிருந்து நேராக வரும் அலை அநேகமாக இல்லை என்றே கொள்ளலாம். புதிய அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவரும் ஏமாற்றும். வெயில் சூட்டைத் தடுக்க அதில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். வெளிச்சம் வரும், அலை வராது.

அலை நூறில் ஒரு பங்காகிவிட்டால், போன் முன்னைவிடக் குறைந்தது நூறு மடங்கு நேரம் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. செயற்கைக்கோள் தன் செய்தியை நொடிக்கு 50 எழுத்து என்ற வேகத்தில் அந்த வரிசையின் மேலேயே ஏற்றி அனுப்புகிறது. எழுத்து மாறும்போது வரிசை தலைகீழாகலாம். அதுவரை கூட்டியது கழிய ஆரம்பித்துவிடும். எழுத்து என்னவென்று தெரியாதவரை ஒரே மூச்சில் நெடுநேரம் கூட்ட முடியாது.

செய்தியைப் படிப்பது இன்னும் கடினம். தான் எங்கே இருக்கிறேன் என்று செயற்கைக்கோள் சொல்லும் பகுதியே 18 நொடி நீளம். அந்தப் பகுதி முப்பது நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். நடுவில் சில எழுத்துகள் தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் இன்றைய போன்கள் இந்தச் செய்தியை மட்டும் இணையத்தின் வழியே வாங்கிக்கொள்கின்றன. ஜி.பி.எஸ். வேலை செய்ய இணையம் தேவையில்லை; இணையம் இருந்தால் முதல் புள்ளி சீக்கிரம் விழும், அவ்வளவுதான். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் புள்ளி சற்று நேரம் சரியாகவே இருப்பதும், வீட்டுக்குள்ளேயே போனைப் போட்டால் திணறுவதும் இதனால்தான். பிடித்த குரலைத் தொடர்வது எளிது. இரைச்சலுக்குள் புதிதாகத் தேடுவது கடினம்.

எதிரொலியை நம்பினால்

அலை மெலிந்தால் போன் "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டால் நல்லது. அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது: தாமதமாய் வந்த அலையை அது நேராய் வந்தது என்று நம்பிவிடுவது.

நம் சாலைக்கே திரும்புவோம். மேற்குக் கோயிலின் ஓசை நேராக வராமல் ஒரு கட்டடம் மறைக்கிறது. வேறெங்கோ பட்டுத் திரும்பிய எதிரொலி மட்டும் ஒரு நொடி தாமதமாகக் கேட்கிறது. இப்போது உங்கள் கடிகாரத்தில் 10, 7. கூட்டினால் 17, அதிகம் ஏழு நொடி, ஆளுக்கு மூன்றரை. கழித்தால் ஆறரையும் மூன்றரையும். மேற்குக் கோயிலிலிருந்து 2,210 மீட்டர் என்று விடை வருகிறது. நீங்கள் 170 மீட்டர் கிழக்கே தள்ளப்பட்டுவிட்டீர்கள். கவனிக்க வேண்டியது, கணக்கில் எந்த முரணும் இல்லை. பத்து நொடி சரியாக வருகிறது. பிழையில் ஒரு பாதியைக் கடிகாரத்தின் தலையிலும் மறுபாதியை இடத்தின் தலையிலும் கட்டிவிட்டு, விடை நேர்மையாய்த் தோன்றுகிறது.

சாலையின் நட்டநடுவில் மூன்றாவதாக ஒரு கோயில் இருந்தால் பிழை அகப்பட்டுவிடும். நீங்கள் உண்மையில் நிற்கும் இடத்துக்கு அதன் ஓசை ஒரு நொடியில் வரும். மூன்று நொடி முந்திய உங்கள் கடிகாரத்தில் நான்கு என்று காட்டும். தவறான விடைப்படியோ அது ஐந்து காட்ட வேண்டும். ஒத்துப்போகவில்லை, ஆகவே மூன்றில் ஏதோ ஒரு மணி பொய் சொல்கிறது என்று தெரியும். திறந்த வெளியில் ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யா, ஐரோப்பா, சீனா, இந்தியா ஆகியவற்றின் செயற்கைக்கோள்களும் சேர்ந்து, போனுக்கு இருபதுக்கு மேல் சாட்சிகள் கிடைக்கலாம். பொய் சாட்சியை ஒதுக்க முடியும். வீட்டுக்குள் நான்கைந்துதான் என்றால், யாரை ஒதுக்குவது?

அந்த நான்கைந்தும் ஒரே ஜன்னல் வழியே வந்தால் இன்னும் மோசம். இரண்டு கோயிலும் சாலையின் மேற்குப் பக்கத்திலேயே, ஐந்நூறு மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவற்றுக்குக் கிழக்கே எங்கே நின்றாலும் இரண்டு ஓசைக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறவே மாறாது. நீங்கள் கிழக்கே நகர்ந்தீர்களா, உங்கள் கடிகாரம் முந்திவிட்டதா என்று பிரித்தறிய வழியே இல்லை. செயற்கைக்கோள்கள் வானத்தில் நாலாபக்கமும் சிதறி இருந்தால்தான் கணக்கு உறுதியாகும். ஒரு பக்கமே குவிந்தால் சிறு பிழையும் பெரிதாகும். ஜி.பி.எஸ்ஸில் உயரம் எப்போதுமே சற்று மோசமாக வருவதும் இதே காரணத்தால்தான். கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைப் பூமி மறைத்துவிடுகிறது. எல்லா மணியும் மேலிருந்தே அடிக்கிறது.

அந்த அறையில் நடந்தது

மறுவாரம், பெரியவர் வீடு திரும்பிய பிறகு, அவர் அனுமதியோடு அந்த அறையில் போய்ப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு போனில் GPSTest என்ற செயலி, ஒவ்வொரு செயற்கைக்கோளின் வலுவையும் dB-Hz என்ற அளவில் காட்டும். மொட்டை மாடியில் பல கோடுகள் 40-ஐத் தாண்டின. அறையில் மிஞ்சிய சில கோடுகள் 20-ஐ ஒட்டியே இருந்தன. இந்த அளவில் இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு என்று பொருள்.

அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், மேற்கு நோக்கி. வெளியே கார் நிறுத்தும் இடம், காம்பவுண்டு சுவர், பின்தெரு, அதற்கப்பால் ஓர் ஐந்து மாடிக் கட்டடம். ஜன்னலிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு முப்பது மீட்டர் இருக்கும். கிழக்கு வானில் தாழ்வாக உள்ள செயற்கைக்கோளின் அலை நேராக அறைக்கு வர முடியாது. எங்கள் கட்டடமே மறைக்கிறது. ஆனால் அது எங்கள் மொட்டை மாடிக்கு மேலாகப் போய் எதிர்க்கட்டடத்தின் சுவரில் பட்டு, ஜன்னலுக்குள் திரும்ப முடியும். அப்படி வந்தால் சுமார் 50 மீட்டர் சுற்றுவழி. தாமதம் நொடியின் நூறு கோடியில் ஏறத்தாழ 170 பங்குதான். போனுக்கோ, கிழக்கே உள்ள செயற்கைக்கோள் 50 மீட்டர் தள்ளிப்போனதாகத் தெரியும். கோயில் மணிக் கணக்கை நினைவுபடுத்திக்கொண்டால், பிழையில் பாதி கடிகாரத்துக்கு, பாதி இடத்துக்கு. புள்ளி கிழக்கிலிருந்து விலகி, மேற்கே 25 மீட்டர் நகரும். பின்தெரு அங்கேதான் இருக்கிறது. உண்மையான கணக்கில் இன்னும் பல செயற்கைக்கோள்கள் கலந்திருக்கும். எண் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனால் புள்ளி எந்தத் திசையில் போனது, ஏன் போனது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் செயற்கைக்கோள் கைவிட்டால் போன் வேறு துணைகளைத் தேடும். அருகிலுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களை, அவை இருக்கும் இடங்களின் பட்டியலோடு ஒப்பிடும். செல்போன் கோபுரத்தை வைத்துத் தோராயமாகச் சொல்லும். பெரும்பாலான நேரம் இது கைகொடுக்கும். ஆனால் வீடு மாறும்போது வைஃபை பெட்டியையும் எடுத்துப் போயிருந்தால், பட்டியல் திருந்தும்வரை போன் பழைய தெருவையே காட்டக்கூடும்.

நீலப்புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரியுமே, "இதற்குள் எங்கோ இருக்கலாம்" என்று போன் தானே சொல்லும் எல்லை அது. வட்டம் பெரிதாக இருந்தால் புள்ளியை நம்பக் கூடாது. சிறிதாக இருந்தாலும் எதிரொலி உள்ளே புகுந்திருக்கலாம். பொய் சாட்சிகள் ஒத்துப்போனால் வட்டமும் சுருங்கித்தான் இருக்கும்.

இப்போது எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், நோயாளியின் அருகில் நிற்பவர் லொக்கேஷன் அனுப்ப மாட்டார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு முன்தெரு கேட்டுக்கு ஓடுவார். வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நிற்பார், வட்டம் சுருங்கி அடங்கும்வரை. பிறகு அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை அங்கேயே நின்று, தெருப் பெயரையும் எதிரே உள்ள கடையின் பெயரையும் ஓட்டுநருக்கு வாயாலும் சொல்வார்.